வெளி ஸ்காலர்ஷிப் வந்தால் கல்லூரி கிராண்ட் குறையுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் ஏப்ரல், மே மாதங்களில் கேட்கும் கேள்விகள் இவை. மேல்படிப்பு ஃபெலோஷிப், அசிஸ்டன்ட்ஷிப் எல்லாம் வேறு கதை, அவை இதில் இல்லை.

மகளுக்கு வெளியிலிருந்து 10,000 டாலர் ஸ்காலர்ஷிப் கிடைத்தது. கல்லூரிக்குத் தெரிவித்ததும் அவர்கள் கொடுத்த கிராண்ட்டில் கைவைத்துவிட்டார்கள். இப்படிச் செய்யலாமா?

பெரும்பாலான மாநிலங்களில் செய்யலாம். கல்லூரி தன் சொந்தப் பணத்திலிருந்து தரும் கிராண்ட்டை எந்த விதிப்படி கொடுப்பது, எப்போது குறைப்பது என்பதைக் கல்லூரியே தீர்மானிக்கிறது. தடுக்கும் சட்டம் சில மாநிலங்களில் உண்டு, கீழே வருகிறது. ஆனால் எவ்வளவு குறைக்கிறார்கள், முதலில் எதைக் குறைக்கிறார்கள் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். உங்களுக்குக் கடைசியில் எவ்வளவு மிஞ்சும் என்பது அந்த வரிசையில்தான் இருக்கிறது. ஸ்காலர்ஷிப்பின் தொகை அதற்கு அடுத்ததுதான்.

ஏன் குறைக்க வேண்டும்? அந்தப் பணம் என் பிள்ளை உழைத்து வாங்கியதுதானே?

தேவையின் அடிப்படையில் உதவி தரும் கல்லூரி போடும் கணக்கு ஒரு கழித்தல்தான். ஒரு வருடத்துக்கு ஆகும் மொத்தச் செலவு ஒரு பக்கம்: ட்யூஷன், கட்டணங்கள், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், போக்குவரத்து, கைச்செலவு எல்லாம் சேர்த்து. அதிலிருந்து உங்கள் குடும்பத்தால் கட்ட முடியும் என்று அவர்கள் மதிப்பிட்ட தொகையைக் கழித்தால் வருவது ‘தேவை’. வெளியிலிருந்து பணம் வந்தால் தேவை அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது என்பது அவர்கள் வாதம். மிச்சமாகும் பணத்தை வேறொரு மாணவருக்குக் கொடுக்கிறோம் என்றும் சொல்வார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பத்து கட்டுரை எழுதி ஸ்காலர்ஷிப் வாங்கிய பெண்ணுக்கு அதனால் என்ன லாபம் என்று கேட்டால் அவர்களிடம் நல்ல பதில் கிடையாது.

இதோடு இன்னொரு காரணமும் சொல்வார்கள்: “ஃபெடரல் விதி அப்படி.” அதில் பாதிதான் உண்மை. தேவையை வைத்துத் தரும் ஃபெடரல் உதவிகள், அதாவது சப்சிடைஸ்டு லோன், வொர்க்-ஸ்டடி, எஃப்.எஸ்.இ.ஓ.ஜி. கிராண்ட் இவற்றில் ஏதாவது ஒன்று உங்கள் பேக்கேஜில் இருந்தால், வெளி ஸ்காலர்ஷிப்பும் சேர்ந்த மொத்த உதவி தேவையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எதையாவது குறைத்தே ஆக வேண்டும். எதைக் குறைப்பது? கல்லூரியின் கிராண்ட்டைத்தான் குறைக்க வேண்டும் என்று ஃபெடரல் விதி எங்கும் சொல்லவில்லை. லோனையும் வேலையையும் எடுத்துவிட்டாலும் விதிக்குத் திருப்திதான்.

கணக்கோடு சொல்லுங்களேன். எனக்கு இந்த ‘வரிசை’ புரியவில்லை.

சரி, ஒரு தனியார் கல்லூரி என்று வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை, ஆனால் அளவு இன்றைய நிலவரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

வருட மொத்தச் செலவு 84,000 டாலர். குடும்பப் பங்கு 24,000. தேவை 60,000. கல்லூரி முழுத் தேவையையும் நிறைவேற்றுகிறது: சொந்த கிராண்ட் 54,000, சப்சிடைஸ்டு லோன் 3,500 (முதல் வருட மாணவருக்கு அதற்குமேல் கிடையாது), வொர்க்-ஸ்டடி 2,500. கூட்டினால் 60,000. இப்போது வெளியிலிருந்து 10,000 வருகிறது.

முதல் வகைக் கல்லூரி லோனையும் வேலையையும் முதலில் நீக்கும். 3,500-ம் 2,500-ம் போய்விட்டன. மிச்சமுள்ள 4,000-ஐ கிராண்ட்டிலிருந்து எடுக்கும், அது 50,000 ஆகும். மகளுக்குக் கடன் இல்லை, வாரத்துக்கு எட்டு பத்து மணி நேரம் நூலகத்தில் உட்கார வேண்டியதும் இல்லை. 10,000-ல் 6,000 உங்களுக்கு, 4,000 கல்லூரிக்கு.

இரண்டாம் வகை பாதிக்குப் பாதி. கிராண்ட்டில் 5,000, லோன்-வேலையில் 5,000. உங்களுக்கு மிஞ்சுவது 5,000.

மூன்றாம் வகை நேராக கிராண்ட்டில் கைவைக்கும். 54,000 என்பது 44,000 ஆகிவிடும். லோனும் வேலையும் அப்படியே நிற்கும். மகளின் ஸ்காலர்ஷிப்பால் உங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு பைசாவும் இல்லை. பாராட்டு விழாவில் எடுத்த போட்டோ மட்டும் மிச்சம்.

இப்போது முதல் வகையை இன்னொரு தடவை பாருங்கள். லோனும் வொர்க்-ஸ்டடியும் போன பிறகு பேக்கேஜில் தேவை சார்ந்த ஃபெடரல் உதவி எதுவுமே இல்லை. அந்த இடத்தில் ஃபெடரல் வரம்பும் முடிந்துவிடுகிறது. கிராண்ட்டை 54,000 ஆகவே வைத்து 10,000-ஐ மேலே சேர்த்தாலும் 64,000 தான் வரும், மொத்தச் செலவான 84,000-க்கு அது வெகு கீழே. ஆக அந்தக் கடைசி 4,000-ஐ எடுத்தது கல்லூரியின் சொந்தக் கொள்கை. ஆபீஸில் பேசும்போது இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும். “ஃபெடரல் விதி” என்று அவர்கள் சொல்லும்போது, “சப்சிடைஸ்டு லோனையும் வொர்க்-ஸ்டடியையும் நாங்கள் வேண்டாம் என்று விட்டுவிட்டால் அப்போதும் விதி குறுக்கே வருமா?” என்று மரியாதையாகக் கேட்கலாம்.

அந்த 24,000 குடும்பப் பங்கில் கழித்துக்கொள்ள முடியாதா? நாங்கள் கஷ்டப்படுவது அதற்குத்தானே.

முழுத் தேவையையும் தரும் கல்லூரிகளில் அநேகமாக முடியாது. பெற்றோர் பங்கு என்பது உங்கள் வருமானத்தையும் சொத்தையும் வைத்துப் போட்டது. பிள்ளை ஸ்காலர்ஷிப் வாங்கியதால் அப்பாவின் சம்பளம் மாறிவிடவில்லை என்பது அவர்கள் நிலை. ஹார்வர்ட், யேல், ஸ்டான்ஃபோர்ட் போன்ற இடங்களில் வெளிப் பணம் முதலில் போவது மாணவர் தன் பக்கத்திலிருந்து கட்ட வேண்டிய பங்குக்கு, அதாவது படிக்கும்போது வேலை செய்து தர வேண்டிய தொகைக்கு. அது தீர்ந்த பிறகுதான் கிராண்ட் குறையும். பெற்றோர் பங்கைத் தொட மாட்டார்கள்.

அதனால் இந்த மாதிரிக் கல்லூரிகளில் வெளி ஸ்காலர்ஷிப்புக்கு ஒரு கூரை உண்டு. மாணவர் பங்கு எவ்வளவோ அதுதான் கூரை. மேலே எடுத்த உதாரணத்தில் அது 6,000. அதற்குமேல் வாங்கும் ஒவ்வொரு டாலரும் கல்லூரிக்குப் போகிறது. மகள் ஏற்கெனவே 6,000 வாங்கிவிட்டாள் என்றால், இன்னொரு 2,000-க்காக ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கட்டுரை எழுத வைப்பதில் அர்த்தம் இல்லை. தூங்கட்டும்.

எங்கள் கல்லூரி தேவையை முழுசாகவே தரவில்லை. பெரிய இடைவெளி இருக்கிறது. அங்கேயும் குறைப்பார்களா?

வேடிக்கை என்னவென்றால் இங்கேதான் வெளிப் பணம் பெரும்பாலும் முழுசாகத் தங்கும். அதே 84,000 செலவு, அதே 24,000 குடும்பப் பங்கு. ஆனால் கல்லூரி கொடுத்தது 40,000 கிராண்ட், 3,500 லோன், 2,500 வேலை. கூட்டினால் 46,000. தேவை 60,000 என்பதால் 14,000 டாலரை யாரும் ஏற்கவில்லை, அது உங்கள் தலையில். 10,000 வந்தால் அது இந்த ஓட்டையை அடைக்கும், ஓட்டை 4,000 ஆகும். தேவையைத் தாண்டவில்லை, அதனால் ஃபெடரல் விதியும் வராது, கல்லூரிக்கும் குறைக்கக் காரணம் இல்லை.

இதைக் கேட்டு அந்தக் கல்லூரிதான் நல்லது என்று முடிவு செய்துவிடாதீர்கள். முதல் வகைக் கல்லூரியில் 10,000-க்குப் பிறகு உங்கள் கையிலிருந்து போவது 24,000, கடன் பூஜ்யம். இந்தக் கல்லூரியில் 28,000, அதோடு 3,500 கடனும் வேலையும். ஸ்காலர்ஷிப்பில் எவ்வளவு ‘தங்கியது’ என்று பார்க்காமல் கடைசியில் எவ்வளவு கட்டுகிறோம் என்று பாருங்கள். பெற்றோர் பலர் கிராண்ட் குறைந்த கோபத்தில் இதைத் தவறவிடுகிறார்கள்.

மெரிட் ஸ்காலர்ஷிப் தேவையைப் பார்த்துக் கொடுப்பதில்லையே. அதை மற்றவற்றோடு அடுக்கிக்கொள்ளலாம் அல்லவா?

சில இடங்களில் தாராளமாக. சில இடங்களில் கல்லூரியின் இரண்டு மெரிட் ஸ்காலர்ஷிப்புகளில் பெரியது மட்டும்தான் கிடைக்கும். வெளிப் பணத்தைப் பொறுத்தவரை இங்கே பார்க்க வேண்டியது உச்சவரம்பு எதில் இருக்கிறது என்பது: மொத்தச் செலவு வரையா, ட்யூஷன் வரை மட்டுமா?

இதில் பலர் சறுக்குவது ‘ட்யூஷனுக்கு மட்டும்’ என்ற வார்த்தைகளில். ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் ட்யூஷன் 12,000, தங்குமிடமும் சாப்பாடும் 15,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தின் மெரிட் 9,000, ட்யூஷனுக்கு மட்டும். உள்ளூர் ரோட்டரி கிளப் தரும் 5,000-இன் கடிதத்திலும், யாரோ பழக்கதோஷத்தில், ட்யூஷனுக்கு என்று எழுதிவிட்டார்கள். கூட்டினால் 14,000. ட்யூஷனோ 12,000 தான். 2,000 டாலர் அடிபடும், அதுவும் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் பங்கிலிருந்து. விடுதிக்கு நீங்கள் 15,000 கைக்காசு கட்டிக்கொண்டிருக்கும்போதே இது நடக்கும்.

மருந்து சுலபம். ஸ்காலர்ஷிப் கொடுத்தவர்களிடம் “ட்யூஷன், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் உள்ளிட்ட எந்தக் கல்விச் செலவுக்கும்” என்று மாற்றி ஒரு கடிதம் கேளுங்கள். சிறிய அமைப்புகள் பெரும்பாலும் மறுநாளே அனுப்பிவிடும். அவர்களுக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை.

பெல் கிராண்ட்டும் குறையுமா?

வெளி ஸ்காலர்ஷிப் வந்ததற்காக பெல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும் வழக்கம் கிடையாது. குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்களுக்கு ஃபெடரல் அரசு தரும் கிராண்ட் இது. பேக்கேஜில் முதலில் உட்காருவது பெல்தான், மற்றவை அதைச் சுற்றி அமைகின்றன. 2025-26-ல் அதன் உச்சம் 7,395 டாலர்.

ஒரு புது விதிவிலக்கு மட்டும் கவனிக்க வேண்டும். 2025-ல் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல், ஃபெடரல் அல்லாத கிராண்ட்டும் ஸ்காலர்ஷிப்பும் சேர்ந்து மொத்தச் செலவை எட்டினாலோ தாண்டினாலோ பெல் தகுதியே போய்விடும். முழுச் செலவும் தரும் இடத்தில் படிக்கும் மாணவருக்கு, கடைசியாக வந்த ஒரு சின்ன ஸ்காலர்ஷிப் எல்லையைத் தாண்ட வைக்கலாம். அப்படிப்பட்ட நிலையில் இருப்பவர்கள் கையெழுத்துப் போடுமுன் எய்ட் ஆபீஸில் கணக்குக் கேட்டுக்கொள்வது நல்லது.

சில மாநிலங்களில் இப்படிக் குறைப்பதற்குத் தடை என்கிறார்களே?

ஆமாம். முதலில் சட்டம் போட்டது மேரிலாண்ட், 2017-ல். அது அரசுக் கல்லூரிகளுக்கு மட்டும். மொத்த உதவி மாணவரின் தேவையைத் தாண்டினால்தான் கல்லூரி தன் பங்கைக் குறைக்கலாம், அதுவும் தாண்டிய அளவுக்கு மட்டும். நியூ ஜெர்சியும் வாஷிங்டனும் பின்னால் வந்தன.

கலிஃபோர்னியா சட்டம், ஏ.பி. 288, 2022-ல் கையெழுத்தாகி 2023-24 கல்வியாண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. மேரிலாண்ட் ‘தேவை’யில் கோடு போட்டது, கலிஃபோர்னியா ‘மொத்தச் செலவில்’ கோடு போட்டது. வித்தியாசம் பெரிது. மொத்தச் செலவு 40,000, குடும்பப் பங்கு 2,000 உள்ள மாணவிக்குத் தேவை 38,000. கிராண்ட்டும் ஸ்காலர்ஷிப்பும் சேர்ந்து 39,500 வந்தால், தேவையில் கோடு போட்ட சட்டத்தின்கீழ் 1,500-ஐக் குறைக்கலாம். கலிஃபோர்னியாவில் கைவைக்க முடியாது, 40,000-ஐத் தாண்டவில்லையே. வேறொரு வித்தியாசம்: இந்தப் பாதுகாப்பு பெல் தகுதி உள்ளவர்களுக்கும் கலிஃபோர்னியா ட்ரீம் ஆக்ட் உதவி பெறுபவர்களுக்கும்தான். ஐ.டி.யில் இருவர் சம்பாதிக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இது பெரும்பாலும் பொருந்தாது.

இதில் குழம்ப வேண்டாம்: நீங்கள் குடியிருக்கும் மாநிலத்தின் சட்டம் உங்களோடு பயணம் செய்யாது. கல்லூரி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அதுதான் கணக்கு.

கல்லூரிக்குச் சொல்லாமலே விட்டுவிட்டால் என்ன?

வேண்டாம். முதலில், மறைக்கவே முடியாது. பெரும்பாலான அமைப்புகள் செக்கை எய்ட் ஆபீஸுக்கே அனுப்புகின்றன, அல்லது மாணவர் பெயரும் கல்லூரி பெயரும் சேர்ந்த செக்காகத் தருகின்றன. அடுத்து, எய்ட் ஏற்கும்போது வெளி உதவியைத் தெரிவிப்பேன் என்று நீங்கள் ஒப்புக்கொண்டிருப்பீர்கள். பின்னால் தெரியவந்தால் ஏற்கெனவே கணக்கில் போட்ட பணத்தைத் திருப்பி எடுப்பார்கள்.

தாத்தா பாட்டி கொடுக்கும் பணம், கல்லூரிச் செலவுக்கென்று சேமிக்கும் 529 கணக்கிலிருந்து எடுப்பது, இவை ஸ்காலர்ஷிப் அல்ல. இவற்றை வெளி ஸ்காலர்ஷிப் என்று தெரிவிக்கத் தேவையில்லை. அப்பாவின் கம்பெனி ஊழியர்களின் பிள்ளைகளுக்குத் தரும் ஸ்காலர்ஷிப்போ கணக்கில் வரும்.

ஆகஸ்டில் பில்லைக் கட்டி முடித்துவிட்டோம். அக்டோபரில் ஸ்காலர்ஷிப் செக் வந்ததும் பாக்கி இருப்பதாக மறுபடி பில் வருகிறது. பணம் வந்தால் பாக்கி எப்படிக் கூடும்?

தேதியைப் பாருங்கள். அநேகமாக கிராண்ட்டைக் குறைத்த நாள் ஒன்று, செக் கணக்கில் ஏறும் நாள் வேறொன்று. இடையில் பாக்கி தெரியும், செக் ஏறியதும் மறையும். இது பயப்பட வேண்டியதில்லை.

பயப்பட வேண்டிய இடம் இன்னொன்று. வெளி ஸ்காலர்ஷிப் 10,000 இரண்டு தவணையாக, செமஸ்டருக்கு 5,000 என்று பிரிந்து வருகிறது, கல்லூரியோ மொத்தக் குறைப்பையும் முதல் செமஸ்டரிலேயே போட்டுவிட்டது. அப்படியானால் பாக்கி நிஜம், ஜனவரி வரை நிற்கும், தாமதக் கட்டணமும் சேரலாம், வசந்தகால வகுப்புக்குப் பதிவு செய்யவும் தடை வரலாம். எய்ட் ஆபீஸில் குறைப்பையும் இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். நியாயமான வேண்டுகோள், வழக்கமாக ஏற்றுக்கொள்வார்கள்.

எதுவாக இருந்தாலும் பழைய அவார்டு லெட்டரையும் திருத்தியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பாருங்கள். அடியில் இருக்கும் மொத்தம் மாறாமலேயே இருக்கலாம். லோன் வரி குறைந்திருந்தால் நல்லது. லோன் அப்படியே இருந்து கிராண்ட் வரி குறைந்திருந்தால் போனை எடுங்கள்.

எய்ட் ஆபீஸில் போய் என்னதான் கேட்பது? “குறைக்காதீர்கள்” என்று சொன்னால் கேட்பார்களா?

அப்படிச் சொன்னால் பாலிசி பக்கத்தின் லிங்க்கை அனுப்பிவிட்டுப் போய்விடுவார்கள். குறிப்பான ஒன்றைக் கேட்க வேண்டும், அதுவும் எழுத்தில். முதல் கேள்வி: வெளிப் பணம் எதை முதலில், எதை இரண்டாவதாக, எதை மூன்றாவதாகக் குறைக்கும்? அதை மகளின் எண்களை வைத்தே கேளுங்கள்: “5,000 வந்தால் லெட்டர் எப்படி இருக்கும், 10,000 வந்தால் எப்படி இருக்கும்?” பதில் மின்னஞ்சலில் இருந்தால் பின்னால் வேறொருவர் வேறு மாதிரி சொல்ல முடியாது.

அப்புறம், மொத்தச் செலவை உயர்த்த முடியுமா என்று பாருங்கள். 84,000 என்பது சராசரி மாணவருக்கான மதிப்பீடு. உங்கள் பிள்ளைக்கு லேப்டாப் வாங்க வேண்டியிருக்கலாம், கல்லூரியின் ஹெல்த் இன்ஷூரன்ஸில் சேர வேண்டியிருக்கலாம், வீடு வெகு தூரத்தில் இருந்து விமான டிக்கெட் அதிகமாகலாம், உடல் குறைபாட்டுக்கான கருவிகள் தேவைப்படலாம். இவற்றுக்கு ரசீதோடு விண்ணப்பித்தால் எய்ட் அதிகாரி மொத்தச் செலவைக் கூட்டலாம். 84,000 என்பது 86,500 ஆனால் தேவையும் 2,500 கூடுகிறது, வெளிப் பணத்தில் 2,500-க்கு உட்கார இடம் கிடைக்கிறது. முதல் வகைக் கல்லூரியில் 4,000 அடிபட்டது 1,500 ஆகக் குறையும். கோபமாகக் கேட்பதைவிட இந்த வழியில்தான் பலன் அதிகம், ஏனென்றால் அதிகாரிக்குத் தன் விதியை மீறாமலே உதவ ஒரு கதவு திறக்கிறது. சில கல்லூரிகள் முதல் வருடத்தில் ஒரே ஒரு முறை கணினிக்கென்று வெளி ஸ்காலர்ஷிப்பைப் பயன்படுத்தவும் விடுகின்றன, அதையும் கேளுங்கள்.

ஸ்காலர்ஷிப் கொடுத்தவர்களிடம் இதைச் சொன்னால் நன்றிகெட்டவர்கள் என்று நினைக்க மாட்டார்களா?

நேர்மாறாக. தாங்கள் ஒரு மாணவிக்குக் கொடுத்த பணம் ஒரு கல்லூரியின் பட்ஜெட்டுக்குப் போய்விட்டது என்று தெரிந்தால் அவர்களுக்குத்தான் முதலில் வருத்தம். அனுபவமுள்ள அமைப்புகள் இதற்கு வழி வைத்திருக்கின்றன. பணத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைப்பது ஒன்று, நான்கு வருடத்துக்குப் பிரிப்பது இன்னொன்று.

பிரித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 10,000-ஐ ஒரே வருடத்தில் வாங்கினால் முதல் வகைக் கல்லூரியில் 6,000 தங்கும். வருடத்துக்கு 2,500 வீதம் நான்கு வருடம் வாங்கினால் ஒவ்வொரு வருடமும் லோன்-வேலைப் பகுதிக்குள்ளேயே அடங்கிவிடும், 10,000-மும் தங்கும். கல்லூரியும் தன் விதிப்படிதான் நடந்தது, அமைப்பும் அதே தொகையைத்தான் கொடுத்தது, உங்களுக்கு 4,000 மிச்சம். மூன்றாம் வகைக் கல்லூரியில் இந்த வித்தை பலிக்காது, அங்கே முதல் டாலரே கிராண்ட்டில் போகிறது.

ஆனால் ‘கடைசி டாலர்’ வகை ஸ்காலர்ஷிப்புகள் வேறு. கேட்ஸ் ஸ்காலர்ஷிப் அப்படி: மற்ற எல்லா உதவியும் குடும்பப் பங்கும் போக மிச்சம் நிற்கும் செலவை அது ஏற்கிறது. கல்லூரி தன் பங்கை முடிவு செய்த பிறகு வருவதால் இதில் தள்ளிவைப்பது, பிரிப்பது என்ற பேச்சுக்கு இடமில்லை.

நான் சென்னையிலிருந்து எஃப்-1 விசாவில் போகிறேன். இங்கே ஒரு டிரஸ்ட் பணம் தருகிறது. எனக்கும் இதே விதியா?

ஃபெடரல் உதவி உங்களுக்குக் கிடையாது, அதனால் ஃபெடரல் வரம்பும் உங்கள் கணக்கில் வராது. கல்லூரியின் சொந்தக் கொள்கை மட்டும் வரும், அது தேவை சார்ந்த கிராண்ட் என்றால் மேலே சொன்ன மூன்று வகையில் ஒன்றாகத்தான் இருக்கும். டிரஸ்ட் கொடுப்பது கடன் ஸ்காலர்ஷிப்பா, திருப்பித் தர வேண்டாததா என்று கடிதத்தில் தெளிவாக எழுதி வாங்குங்கள். திருப்பிக் கட்ட வேண்டிய பணத்துக்காக கிராண்ட்டை இழப்பதுபோல் ஒரு வயிற்றெரிச்சல் வேறில்லை. ஐ-20 படிவத்திலும் நிதி ஆதாரம் காட்ட வேண்டியிருப்பதால், பணம் உறுதியானதுமே தெரிவித்துவிடுங்கள்.

தங்கிய பணத்துக்கு வரி உண்டா?

ட்யூஷன், கட்டாயக் கட்டணங்கள், பாடத்துக்குத் தேவையான புத்தகம், கருவிகள் இவற்றுக்குச் செலவானால் இல்லை. தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் போனால் அந்தப் பகுதி மாணவரின் வருமானம். மேலே 54,000 கிராண்ட் வாங்கும் மாணவிக்கு ட்யூஷன் அதைவிட அதிகமாகவே இருக்கும் என்பதால் பெரும்பாலும் பிரச்சினை வராது. அடுக்கி அடுக்கி ட்யூஷனைத் தாண்டியவர்களுக்குத்தான் வரும். எஃப்-1 மாணவர்களுக்கு அந்த வரிக்குரிய பகுதியில் 14 சதவீதத்தைக் கல்லூரியே பிடித்துக்கொள்ளும்.

அப்படியானால் கல்லூரியைத் தேர்ந்தெடுக்குமுன் இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொள்வது?

கல்லூரியின் எய்ட் பக்கத்தில் வெளி ஸ்காலர்ஷிப் என்ற தலைப்பைத் தேடுங்கள். வாசகத்தைக் கவனமாகப் படியுங்கள். “உங்கள் பேக்கேஜைப் பாதிக்கலாம்” என்று மட்டும் எழுதியிருந்தால் வரிசையைச் சொல்லாமல் நழுவுகிறார்கள் என்று அர்த்தம், மின்னஞ்சல் போடுங்கள். “முதலில் லோனும் வேலையும், பிறகு கிராண்ட்” என்று எழுதியிருந்தால் முதல் வகை. இதைச் செய்ய வேண்டிய நேரம் மே 1-க்கு முன்னால், இடத்தை உறுதிசெய்து டெபாசிட் கட்டுவதற்கு முன். ஸ்காலர்ஷிப் முடிவுகள் பாதி அதற்குப் பிறகுதான் வரும், பரவாயில்லை. எண் தெரியாவிட்டாலும் வரிசையைக் கேட்டு வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் வருடத்தையும் சேர்த்துக் கேளுங்கள்: ஒரு வருட ஸ்காலர்ஷிப் தீர்ந்ததும், குறைத்த கிராண்ட் பழைய அளவுக்குத் திரும்புமா? தேவை சார்ந்த கிராண்ட் என்றால் ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கணக்குப் போடுவதால் வழக்கமாகத் திரும்பும். மெரிட் என்றால் தானாகத் திரும்பும் என்று நம்பி இருக்காதீர்கள், அதற்கும் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.